யாரும் சொல்லாத பதினைந்து

"பிற்பகல் 3 மணிக்கு 25 பேருடன் சென்ற சிற்றுந்து மலைச்சாலையில் கவிழ்ந்தது. 15 பேர் காயமடைந்தனர். 10 பேர் காயமின்றித் தப்பினர். மீட்புக் குழுவினர் 7.5 கிலோமீட்டர் நடந்து சென்று அவர்களை மீட்டனர்."

படிக்கச் சுத்தமாக இருக்கிறது. ஒரே சிக்கல், இது எந்தச் சீனச் செய்தியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதோ, அதில் 25 என்ற எண் கிடையாது. 15 கிடையாது, 7.5 கிடையாது. தப்பிய பத்துப் பேரைப் பற்றி அங்கே மூச்சே இல்லை. மொழிபெயர்த்தவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. கொழகொழவென்று இருந்ததைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தித் தந்தார், அவ்வளவுதான்.

இந்தச் செய்தியை விளக்கத்துக்காக நானே கட்டினேன். ஆனால் இதில் வரும் அளவுச் சொற்கள் எல்லாம் சீனத்தில் அன்றாடம் புழங்குபவை. மூலத்தை, அளவுச் சொற்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டுத் தமிழில் தருகிறேன்: "பிற்பகல் மூன்று மணி ஸுவோயோ, 19 இருக்கைகள் கொண்ட சிற்றுந்து ஒன்று இருபது துவோ பேருடன் சென்றபோது கவிழ்ந்தது. ஷிஜி பேருக்குக் காயம். மீட்புக் குழுவினர் ஷிஜி லி தூரம் நடந்து வந்தனர். பக்கத்தில் இருந்தது ஜிஷி வீடுகள் மட்டுமே கொண்ட ஊர். ஓட்டுநருக்கு நாற்பது வயது ஷாங்சியா. சேதம் ஷிஜி வான் யுவான்."

ஸுவோயோ, துவோ, ஜி. சீனத்தில் தோராயத்தைச் சொல்லும் சொற்களில் அதிகம் கேட்பவை இந்த மூன்றும்தான். மூன்றையும் 'சுமார்' என்ற ஒரே சொல்லால் தமிழாக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மேலே பார்த்ததுபோல நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து வைக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பிசகு. ஏனென்றால் இந்தச் சொற்களுக்கு எல்லைகள் இருக்கின்றன. எண் எந்தப் பக்கம் சாயலாம், எவ்வளவு தூரம் சாயலாம் என்பதை ஒவ்வொன்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் விடுவது அந்த எல்லைக்குள் சரியான புள்ளி எது என்பதை மட்டும்தான்.

முதலில் 'ஜி'. பெயருக்குப் பின்னால் மரியாதைக்குப் போடும் வடநாட்டு 'ஜி'க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனத்தில் இது கேள்விச் சொல். 'எத்தனை' என்று கேட்பது. ஆனால் பதில் பத்துக்குள் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்கும் 'எத்தனை'. குழந்தையிடம் 'ஜி சுய்' என்று வயது கேட்கலாம். வளர்ந்த ஆளிடம் அப்படிக் கேட்டால், ஒன்று நீங்கள் சீனம் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், அல்லது அவரைச் சின்னப்பிள்ளை என்று கிண்டல் செய்கிறீர்கள். பெரியவர்களிடம் கேட்க வேறு சொற்றொடர் இருக்கிறது. மணி கேட்பதற்கும் தேதி கேட்பதற்கும் மட்டும் இந்தப் பத்து வரம்பைப் பார்ப்பதில்லை; பதில் முப்பத்தொன்றாகவே இருந்தாலும் ஜிதான்.

இதே ஜியைக் கேள்வியாக இல்லாமல் சாதாரண வாக்கியத்தில் போட்டால் 'சில' என்று பொருள். அப்போதும் அந்தப் பத்து வரம்பு கூடவே வருகிறது. ஜி என்பது ஓர் இலக்கத்துக்கான காலி இடம். அங்கே ஒன்பது வரை ஏதோ ஓர் இலக்கம் இருக்கிறது, எது என்று நான் சொல்லவில்லை என்பதுதான் அதன் செய்தி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும். சீனத்தில் பத்து என்பது 'ஷி'. பன்னிரண்டு என்பது பத்து-இரண்டு. இருபது என்பது இரண்டு-பத்து. ஆகவே ஜி பத்துக்குப் பின்னால் வந்தால், அதாவது 'ஷிஜி' என்றால், பத்தோடு ஏதோ ஓர் இலக்கம்: பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை. ஜி பத்துக்கு முன்னால் வந்து 'ஜிஷி' என்றானால் ஏதோ ஒரு மடங்கு பத்து: இருபதிலிருந்து தொண்ணூற்றுச் சொச்சம் வரை. இரண்டே அசைகள். இடம் மாறினால் கூட்டம் நாலைந்து மடங்கு பெருகிவிடும். சீனம் படிக்கிறவர்கள் தொடக்கத்தில் அதிகம் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

தமிழில் ஷிஜிக்கு ஒரே சொல்லாக எதுவும் இல்லை. ஆனால் கிட்ட வருபவை இருக்கின்றன. செய்தி நடையில் 'பத்துக்கும் மேற்பட்டோர்' பெரும்பாலும் சரியாகவே நிற்கும்; இருபதைத் தாண்டியிருந்தால் 'இருபதுக்கும் மேற்பட்டோர்' என்று எழுதியிருப்பார்கள் என்று வாசகருக்குத் தெரியும். கதையில் ஒருவர் பேசும்போது 'பத்துப் பதினைந்து பேர்' என்பது காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அது மேல்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுகிறது, கீழே பத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. கதைக்கு அது பரவாயில்லை. வழக்கு மன்றத்துக்கு ஆகாது.

ஜிஷிதான் உண்மையில் தமிழுக்குத் தொல்லை. நூறு என்றால் 'நூற்றுக்கணக்கில்' என்கிறோம், ஆயிரம் என்றால் 'ஆயிரக்கணக்கில்'. 'பத்துக்கணக்கில்' என்று யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. ஆங்கில வழியாக மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் 'டஜன் கணக்கான வீடுகள்' என்று எழுதிவிடுகிறார்கள். வாழைப்பழத்தையும் முட்டையையும் தவிர வேறெதையும் நாம் டஜனில் எண்ணுவதில்லை. சீனர்களும் வீடுகளை அப்படி எண்ணுவதில்லை. நம் செய்தியில் 'ஜிஷி வீடுகள் மட்டுமே' என்று இருக்கிறது. அந்த 'மட்டுமே'தான் கை கொடுக்கிறது. ஊர் சின்னது என்பதுதான் அங்கே முக்கியம். 'நூறு வீடுகூட இல்லாத ஊர்' என்றால் மேல் எல்லை அப்படியே வந்துவிடுகிறது, தமிழும் தமிழாக இருக்கிறது. அதுவே 'மட்டுமே' இல்லாமல், ஜிஷி பேர் திரண்டு வந்து கேள்வி கேட்டார்கள் என்று வந்திருந்தால் இது உதவாது. அங்கே கூட்டம் பெரிது என்பது செய்தி; 'நூறுபேர்கூட இல்லை' என்றால் வாக்கியம் தலைகீழாகப் போய்விடும். அப்போது 'ஏராளமானோர்' என்றோ, சூழல் இடம் கொடுத்தால் 'ஐம்பது அறுபது பேர்' என்றோ போக வேண்டியிருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் துணிச்சல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஜிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டும் சின்னச் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'ஹாவ் ஜி' என்றால் எண்ணிக்கை அதேதான். ஆனால் பேசுகிறவருக்கு அது அதிகமாகப் படுகிறது. 'மெய் ஜி கெ' என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று உதட்டைப் பிதுக்குகிறார். நாம் 'நாலைந்து தடவை சொல்லியாச்சு' என்று அலுத்துக்கொள்வதும் 'நாலைந்து பேர்தான் வந்திருந்தாங்க' என்று குறைப்பட்டுக்கொள்வதும் இதேதான். எண் ஒன்று, மனநிலை இரண்டு.

அடுத்தது 'துவோ'. இதன் நேர்ப்பொருள் 'அதிகம்'. எண்ணுக்குப் பின்னால் வந்தால் அந்த எண்ணைத் தாண்டிவிட்டது, அடுத்த படியைத் தொடவில்லை என்று பொருள். இருபது துவோ என்றால் இருபத்தொன்றிலிருந்து இருபத்தொன்பது வரை. இதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது, 'சொச்சம்'. இருபத்திச் சொச்சம் பேர், நூற்றிச் சொச்சம் ரூபாய். எழுத்து நடையில் இதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். எனக்கென்னவோ அது வீண் கூச்சம் என்றே படுகிறது. செய்தி நடைக்கு 'இருபதுக்கும் மேற்பட்டோர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

துவோ எங்கே நிற்கிறது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சீனச் சந்தையில் எடை 'ஜின்' கணக்கில் போகும். ஒரு ஜின் அரை கிலோ. 'ஷி துவோ ஜின்' என்று துவோ அளவைச் சொல்லுக்கு முன்னால் வந்தால், பத்தைத் தாண்டிய இத்தனை ஜின், இருபதுக்குள் எங்கோ. கிலோவில் சொன்னால் ஐந்துக்கு மேல், பத்துக்குள். 'ஷி ஜின் துவோ' என்று அளவைச் சொல்லுக்குப் பின்னால் வந்தால், பத்து ஜின், அதற்கு மேல் ஒரு ஜின்னுக்கும் குறைவான ஒட்டு. ஐந்து கிலோவும் கொஞ்சமும். முதலாவதில் துவோ பத்தோடு ஒட்டி நிற்கிறது, இரண்டாவதில் ஜின்னோடு. தமிழிலும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. 'நூற்றிச் சொச்சம் ரூபாய்' என்பதும் 'நூறு ரூபாயும் சொச்சமும்' என்பதும் ஒன்றா? முதலாவது நூற்றெழுபதாகவும் இருக்கலாம். இரண்டாவதில் மிச்சம் சில்லறைதான். வருடத்துக்கும் இது பொருந்தும். ஒருவர் ஒரு தொழிற்சாலையில் 'பத்து துவோ வருடம்' வேலை பார்த்தார் என்றால் பதினெட்டு வருடமாகவும் இருக்கலாம். 'பத்து வருடம் துவோ' என்றால் பத்து வருடமும் சில மாதங்களும். பணிக்கொடை கணக்குப் போடும் தாளில் இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்றிலிருந்து ஒன்பது வரை உள்ள எண்களோடு துவோ வந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே அது அளவைச் சொல்லுக்குப் பின்னால்தான் வர முடியும். பிறந்த குழந்தையின் எடை 'ஏழு ஜின் துவோ' என்பார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல், நான்குக்குள். இதை 'ஏழரை ஜின்' என்று வைத்து இரண்டால் வகுத்து '3.75 கிலோ' என்று எழுதினால், மருத்துவமனைத் தராசில் நிறுத்துப் பார்த்த எடைபோலத் தோன்றும். சொன்னவரோ பேரனைத் தூக்கிப் பார்த்த பாட்டி.

மூன்றாவது 'ஸுவோயோ'. ஸுவோ இடது, யோ வலது. எண்ணுக்குப் பின்னால் வந்து, இந்தப் பக்கமும் இருக்கலாம் அந்தப் பக்கமும் இருக்கலாம் என்கிறது. மூன்று மணி ஸுவோயோ என்றால் மூன்று மணி வாக்கில். இரண்டே முக்காலாகவும் இருக்கலாம், மூன்று பத்தாகவும் இருக்கலாம். 'வாக்கில்' என்பது இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. இதற்கு உறவுக்காரச் சொற்கள் சில உண்டு. 'ஷாங்சியா', அதாவது மேலே-கீழே, பெரும்பாலும் பெரியவர்களின் வயதுக்கு வரும். நம் செய்தித்தாள்களில் 'நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண்' என்று வருகிறதே, அதன் சீன வடிவம் இதுதான். பொங்கலை ஒட்டி, தீபாவளி சமயத்தில் என்று ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால் ஸுவோயோ வராது. 'சியென்ஹோ', முன்-பின், என்று சொல்ல வேண்டும்.

சீனப் பள்ளிக்கூடங்களில் வாக்கியப் பிழை திருத்தச் சொல்லும்போது கொடுக்கும் ஒரு மாதிரி உண்டு: வாக்கியத்தில் முன்னால் 'ஏறத்தாழ' என்றும் பின்னால் 'ஸுவோயோ' என்றும் இரண்டையும் போட்டுவிடுவது. ஒன்று போதும், மற்றது கூறியது கூறல் என்று ஆசிரியர் அடித்துவிடுவார். நம் செய்திகளில் வரும் 'சுமார் 25-க்கும் மேற்பட்டோர்' இதைவிடக் கொஞ்சம் மோசம். அங்கே சுமார் இரண்டு பக்கமும் இழுக்கிறது, மேற்பட்டோர் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. இருபத்துநான்கு பேர் இருந்தார்களா இல்லையா என்று அந்த வாக்கியத்தைக் கேட்டால் அதற்கே தெரியாது.

இனிச் செய்திக்கு வருவோம். வண்டியில் இருக்கைகள் 19. பயணிகள் இருபது துவோ. சொன்னவர் அந்தச் சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருந்தால், வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறார்கள். குறைந்தது இருபத்தொரு பேர் இருந்தாக வேண்டும். இதை 'சுமார் இருபது பேர்' என்று தமிழாக்கினால் பதினெட்டோ பத்தொன்பதோ கூட ஆகலாம் என்றாகிவிடும். ஓட்டுநருக்கு வழக்கில் ஒரு சந்து கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் எந்த எண்ணையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தோராயத்தைத் தோராயமாகத்தான் சொன்னார். ஆனாலும் ஒரு உண்மை காணாமல் போய்விட்டது. துல்லியத்தைத் திணிப்பது மட்டும் தவறல்ல, மூலத்தில் இருந்த எல்லையை அழிப்பதும் தவறுதான் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அந்தத் தப்பிய பத்துப் பேர். அவர்கள் எப்படிப் பிறந்தார்கள்? இருபது துவோ 25 ஆனது, ஷிஜி 15 ஆனது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள். எண் என்று ஒன்று வந்துவிட்டால் யாராவது கட்டாயம் கணக்குப் போடுவார்கள். இப்போது மூலத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயணிகள் குறைந்தது 21, அதிகபட்சம் 29. காயமடைந்தவர்கள் குறைந்தது 11, அதிகபட்சம் 19. அப்படியானால் காயமில்லாமல் தப்பியவர்கள் இரண்டு பேராகவும் இருக்கலாம், பதினெட்டுப் பேராகவும் இருக்கலாம். சதவீதம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. காயம்பட்டவர்கள் 38 சதவீதமாகவும் இருக்கலாம், 90 சதவீதமாகவும் இருக்கலாம். 'பயணிகளில் 60 சதவீதம் பேர் காயம்' என்று யாராவது எழுதினால் அந்த 60, இந்தப் பரந்த வெளியில் கண்ணை மூடிக்கொண்டு குத்திய குண்டூசி. தோராய எண்கள் இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் தோராயம் குறைவதில்லை, விரிகிறது. ஆனால் விடை மட்டும் முழு எண்ணாக, நம்பிக்கையோடு வந்து நிற்கும்.

தூரமும் இதே கதைதான். ஒரு லி அரை கிலோமீட்டர். ஷிஜி லி என்றால் பதினொன்றிலிருந்து பத்தொன்பது லி வரை. ஐந்தரைக் கிலோமீட்டரிலிருந்து ஒன்பதரை வரை. 15 என்று நடுவில் பிடித்து, பாதியாக்கி, 7.5 என்று புள்ளி வைத்து எழுதும்போது, யாரோ சக்கரம் உருட்டி அளந்ததுபோல ஆகிவிடுகிறது. அளவைகளை மாற்றும்போதுதான் போலித் துல்லியம் அதிகம் நுழைகிறது, ஏனென்றால் வகுத்தலும் பெருக்கலும் புள்ளிக்குப் பிறகு இலக்கங்களை இலவசமாகக் கொடுக்கும். 'ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து' என்றால் தமிழுக்கும் சரி, மூலத்துக்கும் கிட்டத்தட்ட சரி. கொஞ்சம் கறாராக இருக்க விரும்புகிறவர்கள் 'ஆறிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்' என்று எழுதலாம். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். நடந்து களைத்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

சேதத்தில் தமிழுக்கு ஒரு வசதி கிடைக்கிறது. சீனத்தில் பெரிய எண்களுக்குப் படி 'வான்', பத்தாயிரம். ஷிஜி வான் என்றால் பதினொரு பத்தாயிரத்திலிருந்து பத்தொன்பது பத்தாயிரம் வரை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் திண்டாட வேண்டும். நமக்கோ லட்சம் இருக்கிறது. பத்து வான் ஒரு லட்சம். 'ஒரு லட்சத்துச் சொச்சம் யுவான்' என்றால் வேலை முடிந்தது. வீடுகளை எண்ணும்போது தொல்லை கொடுத்த அதே ஜிஷி, வானோடு சேர்ந்து 'ஜிஷி வான்' ஆகும்போது சாதுவாகிவிடுகிறது: இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குள், அதாவது 'சில லட்சம்'. ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போய் நூறாயிரங்களாக மாறி, பிறகு தமிழுக்கு வருகிற செய்திகளில்தான் இந்த எண்கள் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ வந்து சேர்கின்றன. யுவானை ரூபாயாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றிய பிறகு வரும் எண்ணையும் மூலத்தைப் போலவே மழுங்கலாக்கிவிட வேண்டும்.

ஆகச் செய்தி இப்படி வரும்: "பிற்பகல் மூன்று மணி வாக்கில், 19 இருக்கைகள் கொண்ட சிற்றுந்து ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் சென்றபோது மலைச்சாலையில் கவிழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மீட்புக் குழுவினர் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து வர வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது நூறு வீடுகூட இல்லாத ஊர். ஓட்டுநர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். சேதம் ஒரு லட்சம் யுவானுக்கு மேல், இரண்டு லட்சத்துக்குள்." இதில் இலக்கத்தில் எழுதியிருப்பது 19 மட்டும்தான் என்பதைக் கவனித்தீர்களா? அது ஒன்றுதான் எண்ணிப் பார்த்த எண்.

இலக்கத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இந்தப் பாகுபாடு என் சொந்த விருப்பமல்ல. சீனாவில் அச்சுக்கு எண்களை எப்படி எழுதுவது என்பதற்கே ஒரு தேசியத் தரநிலை இருக்கிறது. இப்போதைய வடிவம் 2011-இல் வந்தது. ஜி வருகிற தோராய எண்களைச் சீன எழுத்தில்தான் எழுத வேண்டும், 1, 2, 3 என்ற இலக்கத்தில் எழுதக் கூடாது என்பது அதில் உள்ள விதி. 'மூன்று நான்கு மாதம்' என்பதுபோல அடுத்தடுத்த இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்லும்போதும் அப்படியே. நடுவில் நிறுத்தக்குறியும் போடக் கூடாது. காரணம் எளிது. '3-4 மாதம்' என்று எழுதினால் யாரோ நிர்ணயித்த வரம்புபோலத் தெரியும். 'மூன்று நான்கு மாதம்' என்று எழுதினால் பேச்சுபோலத் தெரியும். நாமும் 'நாலைந்து', 'ஏழெட்டு' என்று ஒட்டித்தான் எழுதுகிறோம். ஒன்பதும் பத்தும் மட்டும் சீனத்தில் இப்படிச் சேராது. ஒன்பது-பத்து என்று சொன்னால் அது தொண்ணூறு ஆகிவிடும். தமிழில் 'ஒன்பது பத்து பேர்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

பார்க்க எண்ணாக இருந்தும் எண்ணே இல்லாத சொற்களும் உண்டு. 'இரண்டு நாள் கழித்து வருகிறேன்' என்று ஒரு சீனர் சொன்னால் நாள்காட்டியில் குறித்து வைக்காதீர்கள். நாம் 'ரெண்டு வார்த்தை பேசுங்க' என்று மேடையில் அழைப்பதுபோலத்தான் அதுவும். இங்கே நேர்மொழிபெயர்ப்பே சரியாக அமைந்துவிடுகிறது. 'பான்தியென்' அப்படியல்ல. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை நாள்'. அரை நாள் காத்திருந்தேன் என்று அவர் அலுத்துக்கொண்டால் பெரும்பாலும் நெடுநேரம் காத்திருந்தேன் என்றுதான் பொருள்; உண்மையில் இருபது நிமிடமாகக்கூட இருக்கலாம். இந்த வகையில் உலகத்துக்கே தெரிந்தது சீனப் பெருஞ்சுவர். அதன் சீனப் பெயரில் 'பத்தாயிரம் லி' என்று இருக்கிறது. லியை அரை கிலோமீட்டராக மாற்றினால் 5,000 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. அப்படியே எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தாயிரம் 'கண்ணுக்கெட்டாத' என்பதைச் சொல்ல வந்தது. அளந்து பார்த்ததைச் சீன அரசின் தொல்பொருள் துறை 2012-இல் அறிவித்தது: பல அரச மரபுகளின் காலத்தில் கட்டிய சுவர்களும் அவற்றைச் சார்ந்த அமைப்புகளும் சேர்ந்து 21,196.18 கிலோமீட்டர். இந்தப் புள்ளிக்கு உரிமை உண்டு. அது அளவையாளர்கள் எழுதி வைத்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு மூலத்தில் இருப்பது போதவில்லை என்றால், சொன்னவரையே கேட்டுவிடலாம் என்று தோன்றும். கட்டுரையாளரை, நிருபரைக் கேட்கலாம், கேட்க வேண்டும். வழக்கு மன்றத்தில் நின்று வாய்மொழியாக மொழிபெயர்ப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. சாட்சி 'ஷிஜி தடவை' என்று சொன்னால், பதினொன்றிலிருந்து பத்தொன்பது தடவை வரை என்று பொருள்படுமாறு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை என்று குடைவது வக்கீலின் வேலை. மொழிபெயர்ப்பாளர் தானாக 'பதினைந்து தடவை' என்று சொல்லிவிட்டால் வக்கீலுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. பிறகு சாட்சி வேறொரு நாள் 'பன்னிரண்டு' என்று சொன்னால், முன்னுக்குப் பின் முரண் என்று அவர் தலையில் விழும்.

கடைசியாக ஒரு சொல். தோராயம்போலத் தோன்றும், ஆனால் தோராயமே இல்லை. 'யிஷாங்' என்றால் மேலே, 'யிசியா' என்றால் கீழே. சீனத் தண்டனைகள் 'மூன்றாண்டு யிஷாங், பத்தாண்டு யிசியா' என்று இருக்கும். இதை 'மூன்றாண்டுக்கு மேல், பத்தாண்டுக்குக் கீழ்' என்று தமிழாக்கினால் இரண்டு முனைகளும் உதிர்ந்துவிடும். சீனக் குற்றவியல் சட்டத்தின் 99-ஆவது பிரிவு, இந்தச் சொற்கள் சொன்ன எண்ணையும் உள்ளடக்கியவை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2021-இல் நடப்புக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பின் 1259-ஆவது பிரிவும் அதையே சொல்லி, 'தாண்டிய' என்ற சொல் அந்த எண்ணைச் சேர்க்காது என்று பிரித்தும் காட்டுகிறது. நம் சட்டத் தமிழில் இதற்குப் பழகிய வாய்ப்பாடு தயாராக இருக்கிறது: 'மூன்றாண்டுக்குக் குறையாத, பத்தாண்டுக்கு மிகாத'. குற்றவியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, மூன்றாண்டு யிசியா சிறைத்தண்டனை பெற்றவருக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், தண்டனையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. சரியாக மூன்றாண்டு தண்டனை பெற்ற ஒருவரின் குடும்பத்துக்கு இதை 'மூன்றாண்டுக்குக் கீழ் என்றால்தான்' என்று மொழிபெயர்த்துச் சொன்னால், இருக்கிற வாய்ப்பை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாக ஆகிவிடும்.